கூட்டாமல் விட்ட நாலு நாழிகை

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டகைகளின் வாடை தொடங்குகிற இடத்தில், ஒரு ஜவுளிக்கடை வாசலின் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கடிகாரக்கார மாணிக்கத்தைப் பிற்காலத்துச் சனங்களுக்கு வேறு மாதிரிதான் தெரியும். கண்ணாடி முகப்பு வைத்த கடை, நாகப்பட்டினத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி சரஸ்வதி, தொந்தி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முந்திய மாணிக்கத்தை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷத்து மாணிக்கத்தை. அப்போது அவனுக்குத் தொந்தி கிடையாது. பொறாமை மட்டும் வேண்டிய அளவு இருந்தது.

நல்ல மனுஷன்தான். யாரையும் ஏமாற்றிக் காசு வாங்கியதில்லை. ஆனால் அடுத்தவன் புது வேட்டி கட்டினால் போதும், இவனுக்குத் தன் வேட்டியின் கறை கண்ணில் படும். பக்கத்து வீட்டில் ஆட்டுக்கறி கொதித்தால் இவன் வீட்டுக் குழம்பில் உப்பு குறையும். கடவுள் எல்லாருக்கும் இரண்டு கண் கொடுத்தார். இவனுக்கு மட்டும் இரண்டையும் அடுத்தவன் இலைக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டார் என்று அவனுடைய அம்மா லட்சுமியம்மாளே சொல்வதுண்டு.

கடிகாரம் தவிர அவனுக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நாழிகையைக் கடிகார மணியாக்கிச் சொல்வான். ஒரு நாழிகைக்கு இருபத்து நாலு நிமிஷம். இரண்டரை நாழிகை ஒரு மணி. நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு வினாடி. அது பஞ்சாங்க வினாடி, கடிகாரத்து செகண்டில் இருபத்து நாலு ஆகும். எல்லாவற்றையும் சூரியன் உதித்ததிலிருந்து எண்ண வேண்டும். இந்த அளவுக்கு அந்த ரோட்டை ஒட்டிய தேக்கா வட்டாரத்தில் பலருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. அதுதான் மாணிக்கத்தின் சொத்து.

கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் முதல் காரியமாகத் தங்கள் சட்டைப்பைக் கடியாரத்தை அவனிடம் நீட்டுவார்கள். "ஓடுது தம்பி, ஆனா நேரம் தப்பாக் காட்டுது" என்பார்கள். தப்பொன்றும் இல்லை. அது சென்னைப் பட்டணத்து நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மாணிக்கம் முள்ளை ஒன்றரை மணிக்கும் சற்று மேலே முன்னால் தள்ளிக் கொடுப்பான். அப்படித் தள்ளித் தள்ளித்தான் ஒருநாள் அவனுக்குப் பொறி தட்டியது. நாம் இங்கே வைத்துக்கொண்டு பார்க்கிற பஞ்சாங்கம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கணித்து அச்சடித்தது. அதில் "பூசம் பத்து நாழிகை" என்றால், அங்கே சூரியன் உதித்துப் பத்து நாழிகை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தை விட்டு அடுத்ததற்குப் போவது வானத்தில் நடக்கிற காரியம். ஊருக்கு ஒரு தரம் நடக்காது. அந்த நேரத்தில் சிங்கப்பூரில் சூரியன் உதித்து ஏறக்குறைய பதினாலு நாழிகை ஆகியிருக்கும், ஏனென்றால் இங்கே அவன் முன்னாலேயே எழுந்துவிடுகிறான். ஆகவே திதிக்கும் நட்சத்திரத்துக்கும் நாலு நாழிகை கூட்ட வேண்டும். ராகு காலத்துக்குக் கூட்ட வேண்டாம். அது அந்தந்த ஊர்ப் பகலைப் பங்கு போடுவது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் கூட்டி, முடிவான மணியை மட்டும் சொல்வான். கோயில் குருக்கள்கூட, "மணியெல்லாம் மாணிக்கத்துகிட்ட கேட்டுக்கோங்க, அவன் சொன்னா சரியா இருக்கும்" என்று அனுப்பி வைப்பார். அந்த ஒரு வார்த்தையை நினைத்து மாணிக்கம் ராத்திரி சிரித்துக்கொண்டே தூங்குவான்.

இனி சந்திரமதி. மாட்டுக் கொட்டகை வைத்திருந்த வைத்திலிங்கத்தின் ஒரே மகள், பதினேழு வயது. வைத்திலிங்கம் பால் வியாபாரத்தில் முதல் முதலாகச் சேர்த்த காசில் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கியிருந்தார். கோட்டைமலையில் மணி அறிவிக்கப் பீரங்கி வெடிக்கிறபோதெல்லாம் ஓடிப்போய் முள்ளைச் சரிபார்ப்பார். அந்தக் கடிகாரத்துக்கு எண்ணெய் போட மாணிக்கம் மாசம் ஒரு தரம் அவர் வீட்டுக்குப் போவான். கடிகாரத்துக்கு வருஷம் ஒரு தரம் எண்ணெய் போட்டாலே அதிகம் என்பது அவனுக்குத் தெரியும். சந்திரமதி மோர் கொண்டுவந்து வைத்து, "ஓடுதுங்களா?" என்று கேட்பாள். "ஓடுது" என்பான். இவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. இதை வைத்துக்கொண்டு மாணிக்கம் மனசுக்குள் கல்யாணம் முடித்து, பந்தியும் போட்டுவிட்டிருந்தான். கடைக்குக் கண்ணாடி முகப்பு வைத்துவிட்டு அம்மாவை அனுப்பிப் பெண் கேட்கலாம் என்று இருந்தான். இருந்தான், இருந்தான், அதற்குள் வடிவேலு கேட்டுவிட்டான்.

வடிவேலு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ஊரிலிருந்து வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளைக் கோட்டு, நடந்தால் கீச்சென்று கத்துகிற சப்பாத்து. அவனைக் "கிராணியார்" என்றார்கள். பதினைந்து வருஷமாக இங்கேயே இருக்கிற மாணிக்கம் இன்னும் "கடியாரக்காரன்"தான். இதெல்லாம் போகட்டும். அவன் வைத்திருந்த கடியாரம் ஒருநாள்கூடப் பழுதாகவில்லை. அதைத்தான் மாணிக்கத்தால் தாங்க முடியவில்லை.

பொருத்தம் பார்க்கப் பெண்ணின் ஜாதகம் இல்லாமல் வைத்திலிங்கம் முழித்தார். குழந்தை பிறந்தபோது எழுதி வைக்க ஆளில்லை. அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் மட்டும் பரணில் கிடந்தது. பிறந்த நாளும், காலையில் கடிகாரம் பதினொன்று அடித்து ஓய்ந்ததும் குழந்தை வீறிட்டதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "நட்சத்திரத்த மட்டும் பாத்துச் சொல்லு மாணிக்கம், மத்தத குருக்கள் எழுதிக்குவாரு" என்று ஆள் அனுப்பினார்.

மாணிக்கம் போனான். கூடத்துப் பாயில் வடிவேலுவும், அவனோடு கித்தங்கி விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். வடிவேலுவின் மடியில் வெற்றிலைத் தட்டு. மாணிக்கத்துக்கு மோர் வருகிற இடத்தில் இன்றைக்கு அவனுக்குப் பாலும் பழமும்.

மாணிக்கம் பரணிலிருந்து எடுத்த பஞ்சாங்கத்தைப் பிரித்தான். பங்குனி மாசம், அந்த வெள்ளிக்கிழமை. பூசம், நாழிகை பத்து, வினாடி முப்பது. பிறகு ஆயில்யம்.

வாய்விட்டுப் படித்தான். படித்ததுமே கணக்கு தானாக மனசில் விழுந்தது. பங்குனியில் உதயம் ஆறு மணி. பதினொரு மணிக்குப் பிறந்தவள், உதயத்திலிருந்து ஐந்து மணி, அதாவது பன்னிரண்டரை நாழிகை. பத்தரையோடு நாலைக் கூட்டினால் பதினாலரை. பூசம் இங்கே பதினொன்றே முக்காலைத் தாண்டியும் இருந்திருக்கிறது. பெண் பூசம். அருமையான நட்சத்திரம். ஒரு குறையும் சொல்ல முடியாது.

நிமிர்ந்து பார்த்தான். வடிவேலு பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். சாவகாசமாக, தன் வீட்டில் உட்கார்ந்து உரிக்கிறவனைப் போல.

"என்ன தம்பி, பூசமா?" என்றார் வைத்திலிங்கம்.

"இல்ல மாமா" என்றான் மாணிக்கம். "பூசம் பத்தரை நாழிகையோட முடிஞ்சுபோச்சு. பத்தரைய இருபத்து நாலால பெருக்கினா நாலு மணி பன்னெண்டு நிமிஷம். ஆறோட சேர்த்தா பத்தே காலுக்குள்ள. பொண்ணு பொறந்தது பதினொண்ணுக்கு. ஆயில்யம் வந்துடுச்சு."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெருக்கல் சரி, கூட்டல் சரி. கூட்ட வேண்டிய ஒன்றைக் கூட்டவில்லை, அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து பூவம்மா, பெண்ணின் தாய், "ஐயோ ஆயில்யமா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று பயப்படாத வீடு அப்போது தேக்காவில் இல்லை. மாமியார் உயிருக்கே கேடு என்பார்கள். வைத்திலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. வடிவேலு அடிக்கடி "ஊர்ல அம்மாவுக்குப் பணம் அனுப்பணும்" என்று சொல்வதை மாணிக்கம் காதால் கேட்டிருக்கிறான். இனி இவன் எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு போவான். ஒரு மாசம் போகட்டும். பிறகு வந்து, "மாமா, மறுபடி பாத்தேன், ஊருக்கு ஊர் நாழிகை மாறும், நாலு கூட்டணும், உங்க பொண்ணு பூசம்தான்" என்று சொல்ல வேண்டியது. கையோடு அம்மாவை அனுப்ப வேண்டியது. எல்லாம் வரிசையாகக் கண்முன் தெரிந்தது.

அப்போது கதவு மறைவிலிருந்து சந்திரமதியின் குரல் வந்தது. "நல்லாப் பாத்தீங்களா?"

முதல் தடவையாக அவள் கடிகாரத்தைப் பற்றி அல்லாமல் வேறொன்றைக் கேட்டாள். அந்தக் குரல் நடுங்கியதை மாணிக்கம் கேட்டான்.

"பாத்தேன்" என்றான்.

வடிவேலு கூரையைப் பார்த்தான். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு, "அதனால என்ன மாமா?" என்றான். "என்னப் பெத்தவ எனக்கு நாலு வயசிலயே போய்ச் சேந்துட்டா. அம்மா அம்மான்னு நான் சொல்றது சின்னம்மாவ. மாமியாரே இல்லாத வீட்ல ஆயில்யம் யார என்ன பண்ணப்போவுது? எனக்குச் சம்மதம்."

பூவம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள். வைத்திலிங்கம் எழுந்துபோய் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மனுஷன் தம்பி, நீங்க மனுஷன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முன்பு நாள் பார்த்து யோசித்துச் சொல்கிறேன் என்றவர், இப்போது அடுத்த முகூர்த்தத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். கையில் பிடித்திருந்த பஞ்சாங்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாணிக்கம் நின்றான். ஒரு தம்ளர் மோர்கூட யாரும் தரவில்லை.

சேதி சாயங்காலத்துக்குள் ரோடு முழுக்கப் பரவியது. ஆயில்யத்துப் பெண்ணை மனசாரக் கட்டிக்கொள்கிற கிராணியாரின் பெருந்தன்மை பால் செம்போடு வீட்டுக்கு வீடு போயிற்று. வீட்டுக்கு வந்தால் லட்சுமியம்மாள், "நான்கூட அந்தப் பொண்ண ஒனக்குக் கேக்கலாம்னு நெனச்சிருந்தேன்டா. நல்ல வேளை, தப்பிச்சேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாணிக்கம் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தரம் கிளம்பினான். சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால், அவள் போய்விடுவாள். சொன்னாலும் போய்விடுவாள் போலிருந்தது. சந்திரமதி போவது ஒரு வலி. வடிவேலுவிடம் போவது வேறு வலி. இரண்டாவதுதான் பெரிது என்று தனக்குள்ளேயே கண்டுபிடித்தபோது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் எரிச்சல் குறையவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தி, நல்ல வெயிலில், கீச்சுக் கீச்சென்று சப்பாத்து வந்து மேஜை முன்னால் நின்றது. வடிவேலு கையில் புதுப் பஞ்சாங்கம்.

"அண்ணே, முகூர்த்தத்தன்னைக்கு ஒரு சந்தேகம். சப்தமி ஆறு நாழிகை வரைக்கும்னு போட்டிருக்கான். அதுக்கப்பறம் அஷ்டமி. ஊர்க் கணக்கு அது. இங்க நாலு கூட்டினா பத்து நாழிகை, காலைல பத்து மணி. ஒம்பதுக்குத் தாலி கட்டினா சப்தமியிலயே முடிஞ்சுடும். சரிதானே?"

மாணிக்கம் திருப்புளியை மேஜையில் வைத்தான்.

"நாலு கூட்டணும்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆபீசுக்குத் தினம் சென்னையிலேருந்து தந்தி வருது. அங்க காலைல எட்டரைக்குக் குடுத்ததுன்னு இருக்கும், இங்க மணி பத்தாயிருக்கும். ஆபீசுல சேந்த நாளா இதத்தான் கூட்டிக் கழிச்சுட்டிருக்கேன்."

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்கும் கூட்டித்தான் பாத்தேன்" என்றான் வடிவேலு. குரலைத் தாழ்த்தி, சிரித்துக்கொண்டே சொன்னான். "பொண்ணு பூசம். நீங்க ஆயில்யம்னு சொன்னதும் வாயெடுத்தேன். அப்பறம் எதுக்குன்னு விட்டுட்டேன். மாட்டுக் கொட்டக வீட்ல பொண்ணு கேக்க இன்னும் ரெண்டு மூணு பேரு காத்திருந்தாங்க. ஆயில்யம்னதும் ஒருத்தரும் வாசப்படி ஏறல. ஒங்க தயவுல எனக்குப் போட்டியே இல்லாமப் போச்சு."

மாணிக்கம் வெட்டிய பள்ளத்தில் அவனையே தள்ளிவிட்டு, மேலே நின்றுகொண்டு இவன் நன்றி வேறு சொல்கிறான்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேண்ணே" என்றான் வடிவேலு. "அன்னைக்கு நாலு கூட்டாம விட்டீங்களே, அது ஒங்களுக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சே விட்டீங்களா?"

தெரிஞ்சே விட்டேன் என்றால் அயோக்கியன். தெரியாது என்றால் வேலை தெரியாதவன். மாணிக்கம் இரண்டாவதை எடுத்துக்கொண்டான். "தெரியாது" என்றான்.

வடிவேலு தலையை ஆட்டினான். இரக்கப்பட்டு ஆட்டியது போல இருந்தது. "பரவால்லண்ணே. கடியாரம் பாக்கறவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முகூர்த்தக் கணக்க நானே குருக்கள்கிட்ட சொல்லிக்கறேன். இனிமே நம்ம ஆளுங்களுக்கு நாழிகை பாக்கணும்னாலும் என்கிட்ட அனுப்பச் சொல்லிடறேன், ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?" பஞ்சாங்கத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான்.

பெண்ணை எடுத்துக்கொண்டான், சரி. பேரையும் எடுத்துக்கொண்டு போகிறான். சப்பாத்து நாலைந்து கடை தாண்டும்வரைதான் மாணிக்கத்தால் பொறுக்க முடிந்தது. மேஜையை இடித்துக்கொண்டு எழுந்து, ரிக்ஷாக்களுக்கு நடுவே ரோட்டில் இறங்கி, தொண்டை கிழியக் கத்தினான்.

"எனக்குத் தெரியும்டா! ஒனக்கு முன்னாடியே தெரியும்! நாலு நாழிகைய நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்! தெரிஞ்சேதான் கூட்டாம விட்டேன்! பொண்ணு பூசம்னு தெரிஞ்சேதான் ஆயில்யம்னு சொன்னேன்!"

ரோடு நின்றுவிட்டது. எதிர்க் கடையில் புண்ணாக்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த வைத்திலிங்கம் மூட்டையைக் கீழே வைத்தார். மெதுவாக நடந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று மாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

"எம் பொண்ணு பூசமா?" என்றார் அவர். அந்தக் குரலில் கோபமே இல்லை.

"பூசந்தான் மாமா" என்று திரும்பி வந்து முந்திக்கொண்டான் வடிவேலு. "எதுவா இருந்தாலும் கட்டிக்கிறேன்னுதான் நான் அன்னைக்கே சொல்லிட்டேனே."

வைத்திலிங்கத்துக்கு அப்போது வேறொன்றும் காதில் ஏறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏ பூவம்மா! நம்ம பொண்ணு பூசமாம்!" என்று கத்திக்கொண்டே வீட்டைப் பார்த்து ஓடினார். வழியில் ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். மாணிக்கத்தைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. திட்டும் வேலையைத் தெருவே பங்கு போட்டுச் செய்தது.

கூட்டம் கலைந்து அவன் வீட்டுக்குப் போனபோது சேதி அவனுக்கு முன்னால் போயிருந்தது. லட்சுமியம்மாள் அடுப்பங்கரையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையன் செய்த காரியத்துக்கு அழுகிறாள் என்று நினைத்து அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பூசமாமேடா அந்தப் பொண்ணு" என்றாள் அவள். "பாவி மவனே, மொதல்லயே சொல்லியிருந்தா நான் போய் ஒனக்குக் கேட்டிருப்பேனே. நட்சத்திரம் பாக்கற அன்னைக்கு வரைக்கும் அந்தக் கிராணிக்கு முடிவா ஒண்ணும் சொல்லலன்னு பூவம்மா என்கிட்டதான் சொல்லிட்டிருந்தா. கடியாரத்துக்கு எண்ணெ போட வர்ற பையன் தேவலாம்னு அந்தப் பொண்ணே சொன்னுச்சாம்."